போன் பிளான் எடுக்குமுன் டிஸ்பிளே விலையைக் கேளுங்கள்

கேள்வி: புது போன் வாங்கும்போது எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆக்சிடெண்டல் டேமேஜ் பிளான் இரண்டையும் எடுக்கச் சொல்கிறார்கள். உண்மையில் யாருக்கு இவற்றால் லாபம்?

கடையில் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாலும் இவை வெவ்வேறு கேடுகளுக்கானவை. பொதுவாக நிறுவனம் தரும் ஓராண்டு வாரண்டி தயாரிப்புக் குறையால் வரும் பழுதுக்கு மட்டுமே பொருந்தும். எக்ஸ்டெண்டட் வாரண்டி அதையே மேலும் ஓராண்டுக்கு நீட்டுகிறது. கீழே விழுந்து உடைவதற்கும் தண்ணீர் புகுவதற்கும் ஆக்சிடெண்டல் டேமேஜ் பிளான்தான் வேண்டும். ஐபி68 தரம் பெற்ற போனுக்குக்கூடத் தண்ணீர்ச் சேதம் சாதாரண வாரண்டியில் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை.

உடைவுக்கான பிளான் லாபமா என்பதை அறிய, நீங்கள் வாங்கும் மாடலின் டிஸ்பிளேயை மாற்ற என்ன செலவாகும் என்று அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் முதலில் கேளுங்கள். ஒரு கணக்குக்கு, போன் 15,000 ரூபாய், டிஸ்பிளே 4,500, பிளான் 1,500, கிளெய்ம் செய்யும்போது நாம் கட்டவேண்டிய தொகை 500 என்று கொள்வோம். உடைந்தால் மிச்சமாவது 4,000. ஆகவே பிளான் காலத்துக்குள் உடைவதற்கு நூற்றில் சுமார் 38 வாய்ப்பாவது இருந்தால்தான் கட்டிய பணம் தேறும். பத்திரமாகப் பயன்படுத்துபவருக்கு இது நஷ்டமே. அதே கணக்கை மடிக்கும் போனுக்குப் போட்டால், உள் டிஸ்பிளே 45,000, பிளான் 9,000, கிளெய்ம் தொகை 3,000 எனில், நூற்றில் சுமார் 22 வாய்ப்பு போதும். அதோடு, 45,000 ரூபாயைத் திடீரென்று புரட்டும் சங்கடமும் இல்லை. ஆகவே வளைந்த அல்லது மடியும் டிஸ்பிளே உள்ள போன் வாங்குபவர், பைக்கில் போனை மாட்டிக்கொண்டு டெலிவரிக்கு ஓடுபவர், கட்டட வேலையிடத்தில் இருப்பவர், முந்தைய போன்களின் டிஸ்பிளேயை உடைத்த வரலாறு உள்ளவர் ஆகியோர் எடுப்பதில் அர்த்தமிருக்கிறது.

எக்ஸ்டெண்டட் வாரண்டியின் கதை வேறு. ஆண்டுதோறும் போனை மாற்றுபவருக்கு அது வீண். ஏனெனில் அது தொடங்கும் நாளில் போன் அவர் கையில் இருக்காது. பேட்டரியின் இயல்பான தேய்மானமும் பொதுவாக விலக்கப்படும். ஆனால் அமோலெட் டிஸ்பிளே உள்ள போனை மூன்றாண்டு வைத்திருக்க நினைப்பவர் யோசிக்கலாம்: இரண்டாம் ஆண்டில் திரையில் பச்சைக் கோடு விழுந்தால் அது பழுது, உடைவல்ல. ஆயினும் போனின் ஓரத்தில் ஒரு விரிசல் தெரிந்தால்கூட அதையே காரணமாகக் காட்டி மறுக்க இடமுண்டு.

பணம் கட்டுமுன் விற்பனையாளரின் வாய்வார்த்தையை விட்டுவிட்டு, நிபந்தனைத் தாளில் மூன்றைத் தேடுங்கள்: எத்தனை கிளெய்ம் அனுமதி, ஒவ்வொன்றுக்கும் நாம் கட்டுவது எவ்வளவு, போனைச் சரிசெய்து தருவார்களா அல்லது தேய்மானம் கழித்த தொகையைத் தந்து முடித்துவிடுவார்களா. பில்லில் உள்ள ஐஎம்இஐ எண் போனில் *#06# அழுத்தினால் வரும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் கிளெய்ம் நேரத்தில் சிக்கலாகும்.