ஜூம் பண்ணினால் குரல் ஏன் மாறுகிறது?

“கல்யாண மண்டபத்துல பாட்டி பேசினதை போன்ல வீடியோவா ஜூம் பண்ணி எடுத்தேன். குரல் தனியா கேட்குது, ஆனா தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு.”

போனின் மேலும் கீழும் இருக்கும் மைக்குகளுக்கு நடுவே சுமார் 15 செ.மீ. இருக்கும், ஒரே ஒலி அவற்றை அடைவதில் அதிகபட்சம் 0.4 மில்லி செகண்ட் சொச்சம்தான் வித்தியாசம் வரும், அதை வைத்துத்தான் போன் திசையைக் கணக்கிட்டு, கேமரா பார்க்கும் பக்கத்து ஒலியை மட்டும் கூட்டுகிறது, இதுதான் ஆடியோ ஜூம். ஆனால் 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 1.7 மீட்டர். அவ்வளவு நீள அலையைத் திசை பிரிக்க போன் ரொம்பச் சின்னது.

அதனால் மிச்ச வேலையை இரைச்சல் நீக்கும் மென்பொருள் செய்கிறது. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, குரல் இல்லை என்று தோன்றுவதை அமுக்கிவிடும். பாட்டியின் ‘ஸ’, ‘ஃப’ மாதிரி மெல்லிய ஒலிகளும் அதோடு போய்விடும், தப்பிய இரைச்சல்தான் அந்தத் தண்ணீர்ச் சத்தம். பாட்டி நிறுத்தும் இடங்களில் கூட்டம் சட்டென்று அடங்கி, பேசியதும் திரும்ப எழுகிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள், இருந்தால் இதேதான்.

வெட்டுப்பட்டது திரும்ப வராது. அடுத்த தடவை ஆடியோ ஜூமை அணைத்துவிட்டு பக்கத்தில் போய் எடுங்கள், முடியாவிட்டால் இன்னொரு போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு அவர் மடியில் வையுங்கள்.