இந்தியன் கோப்பை மேலேயே வெஸ்டர்ன்: ஓட்டையை அளப்பதற்கு முன் ட்ராப்பைத் தேடுங்கள்

கேள்வி: வீட்டில் பழைய இந்தியன் டாய்லெட்தான். அம்மாவுக்கு முட்டி வலி, குந்தி எழ முடியவில்லை. தரையை உடைக்காமல் வெஸ்டர்னாக மாற்ற முடியுமா? ஓட்டை எந்த இடத்தில் இருந்தால் முடியும்?

பதில்:

நாங்கள் இதைச் செய்தோம். முதல் தடவை தப்பாகச் செய்தோம், அதனால்தான் இவ்வளவு தெரியும்.

எல்லாரும் முதலில் சுவரிலிருந்து ஓட்டை எத்தனை அங்குலம் என்று அளக்கிறார்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, கோப்பைக்கு அடியில் இருக்கும் ட்ராப். இந்தியன் கோப்பையில் ட்ராப் தனி உருப்படி. கோப்பையின் வாய் அதற்குள் இறங்கி நிற்கும், வளைவில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையைத் தடுக்கும். வெஸ்டர்ன் கம்மோடில் அந்த வளைவு பீங்கானுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆக, பழைய ஓட்டை மேல் கம்மோடை அப்படியே உட்கார வைத்தால், ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு ட்ராப்.

எங்களுக்கு நடந்தது அதுதான். வந்த பிளம்பர் கோப்பையை மண் போட்டு நிரப்பி, நடுவில் ஒரு குழாயை நிறுத்தி, மேலே கம்மோடை வைத்து ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் விளிம்பு வரை ஏறி, ஒரு கணம் யோசித்து, 'களக் களக்' என்று குமிழி விட்டுவிட்டு மெல்ல இறங்கியது. இரண்டு தண்ணீர்ப் பூட்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட காற்றுக்குப் போக வழியில்லை, அதனால் அது வருகிற தண்ணீரைத் திருப்பித் தள்ளியது. தண்ணீர் அந்த வேகத்தை இழந்ததால், கழிவு கீழே இருந்த பழைய ட்ராப்பிலேயே தங்கியது. மூன்றாவது வாரம் அடைத்துக்கொண்டது. பக்கெட் தண்ணீரை ஊற்றிச் சமாளித்தோம், ஆனால் முட்டி வலிக்காரரைப் பக்கெட் தூக்க வைப்பதற்கா இத்தனை பாடு?

ஆகவே பழைய ட்ராப்பைத் தரையை உடைக்காமல் கழற்ற முடியுமா என்பதுதான் முக்கியம். அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

மாடி வீடு என்றால் கீழ்த்தளத்தில் அந்த இடத்துக்கு நேர் கீழே போய் அண்ணாந்து பாருங்கள். பல கட்டடங்களில் ட்ராப் கூரைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும். அப்படி இருந்தால் உங்களுக்கு யோகம். கீழிருந்தே ட்ராப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நேர்க் குழாயும் ஒரு சாதா பெண்டும் போட்டுவிடலாம். கீழே வேறு குடும்பம் இருந்தால் அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும், அது தனிக் கதை.

கோப்பை ஒரு படி மேல் உயர்ந்து இருந்தால், ட்ராப் பெரும்பாலும் அந்தப் படிக்குள்ளேயே படுத்திருக்கும். படியை மட்டும் இடிப்பதைத் தரையை உடைப்பதாக நான் கணக்கில் வைப்பதில்லை, ஸ்லாபைத் தொடுவதில்லை அல்லவா. படி போனபின் குழாய் தரைக்கு மேலே கிடைமட்டமாக வந்தால், பின்பக்கமாக வெளியேறும் பி-ட்ராப் கம்மோடை அதில் பொருத்தலாம், உயரம் ஒத்துவர வேண்டும். படியை விட்டுவைத்து அதன் மேலேயே கம்மோடை வைக்காதீர்கள், உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும்.

தரைத்தளம், ட்ராப் மண்ணுக்குள் என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், உடைக்காமல் கம்மோடு வைக்காதீர்கள். அங்கே ட்ராப் இல்லாத உயர இருக்கைதான் சரி: கோப்பை மேல் நிறுத்தும் ஓட்டை வைத்த கம்மோடு நாற்காலி, அல்லது நேராகக் கீழே விழும்படி செய்த கூடு. பழைய ட்ராப் தன் வேலையைத் தொடர்ந்து பார்க்கும். நாற்காலியின் கால்கள் கோப்பை விளிம்பிலோ கால்வைக்கும் மேட்டிலோ நிற்கக் கூடாது, நான்கும் டைல்ஸ் தரையில் நிற்க வேண்டும். ஆடுகிற நாற்காலியில் வயதானவர் உட்காருவது குந்துவதைவிட ஆபத்து.

சரி, ட்ராப் கழன்றுவிடும் என்று தெரிந்தபின் டேப்பை எடுங்கள். பூச்சும் டைல்ஸும் முடிந்த பின்சுவரிலிருந்து ஓட்டையின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். கீழே இறங்கும் எஸ்-ட்ராப் கம்மோடுகள் பெரும்பாலும் 4, 9, 12 அங்குல அளவுகளில் வருகின்றன. ஓட்டை இவற்றில் ஒன்றோடு ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஓரிரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கோணல் கனெக்டர் சரிக்கட்டும், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். இந்தியன் கோப்பையின் ஓட்டை சுவரிலிருந்து இன்னும் தள்ளி இருப்பதே வழக்கம், அப்போது கம்மோடுக்குப் பின்னால் இடைவெளி விழும். விழட்டும், முன்னால் இடம் மிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் கணக்கு இது. அறையின் நீளம் 135 செ.மீ., ஓட்டை பின்சுவரிலிருந்து 41 செ.மீ. டேங்கோடு சேர்ந்த கம்மோடு 68 செ.மீ. நீளம். 9 அங்குலம், அதாவது 23 செ.மீ. மாடல் வைத்திருந்தால் பின்னால் 18 செ.மீ. வீணாகும், முன்னால் 49 செ.மீ. தான் மிஞ்சும். 12 அங்குலம், அதாவது 30 செ.மீ. மாடலில் பின்னால் 11, முன்னால் 56. அந்த 7 சென்டிமீட்டரில்தான் அம்மா முட்டி கதவில் இடிக்காமல் எழுகிறார். பக்கவாட்டில் ஓட்டையின் நடுவிலிருந்து இரு பக்கச் சுவருக்கும் 38 செ.மீ. இருந்தால் போதும். முன்னால் இடமே இல்லாத அறையில் கம்மோடைப் பக்கச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்க முடியுமா என்றும் அளந்து பாருங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கோப்பையின் தொண்டை நான்கு அங்குலத்தைவிடக் குறுகல். அதற்குள் நுழைகிற மாதிரி சிறிய குழாயைச் சொருகப் பார்ப்பார்கள், விடாதீர்கள். கம்மோடுக்குக் கீழே குழாய் குறுகினால் அங்கேதான் அடைக்கும். தொண்டையை மட்டும் சிற்றுளியால் தட்டி எடுத்துவிட்டு, நான்கு அங்குலக் குழாயை அடியிலிருக்கும் குழாயின் வாயிலேயே உட்கார வைக்க வேண்டும். ட்ராப் இல்லாத நேரத்தில் அந்த வாயைத் துணி சுருட்டி அடைத்து வையுங்கள், இல்லையென்றால் வீடு முழுக்க நாறும். இணைப்பு காய்ந்ததும், கோப்பையை நிரப்புவதற்கு முன்பே ஐந்தாறு பக்கெட் தண்ணீரை மளமளவென ஊற்றிவிட்டுக் கீழே போய் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் நிரப்புவது. மண் வேண்டாம், எங்கள் பழைய மண் நாளடைவில் அமுங்கிக் கம்மோடு லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. அடியில் செங்கல் துண்டும் சிமென்ட் கலவையும், மேல் 8 செ.மீ. நல்ல கான்கிரீட்டும் போடுங்கள். கம்மோடின் அடிப்பாகம் கோப்பையைவிட ஒடுக்கம் என்பதால் திருகாணிகள் அந்தக் கான்கிரீட்டில்தான் இறங்கும். நாங்கள் ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆறவைத்துத்தான் துளை போட்டோம், அதுவரை அம்மா நாற்காலி கம்மோடில் சமாளித்தார்.