வெட்டுக்காயம் பக்கம் மாறாமலிருக்க

கேள்வி: பல நாள் ஷூட்டிங்கில் கன்டினியூட்டி நோட் எதற்கு? காயம், உடை, முடியையெல்லாம் அதில் எப்படிக் குறிப்பது?

ஒரு ஷாட்டில் நடிகரின் உடை, முடி, காயம், கையிலிருக்கும் பொருள் எப்படி இருந்தன என்ற பதிவுதான் அது. லொகேஷனும் கால்ஷீட்டும் அமைவதைப் பொறுத்துத்தான் சீன்களை எடுப்பார்கள், கதை வரிசையில் அல்ல. வேறு வேறு நாளில் எடுத்தவை திரையில் ஒட்டிப்போக இந்தப் பதிவு வேண்டும். பால் கணக்கு மாதிரி, உடனே எழுதாவிட்டால் பிறகு நினைவிலிருந்து எடுக்க முடியாது.

முதல் வேலை, ஒவ்வொரு சீனுக்கும் 'கதை நாள்' எண் போடுவது. காயம் ஆறுவது கதைக்குள் ஓடும் நாட்களின்படிதான், ஷூட்டிங் தேதிப்படி அல்ல. சீன் 12, கதை நாள் 3: நாயகனுக்கு நெற்றியில் அடி, ஈர ரத்தம், காலரில் கறை. சீன் 15, நாள் 4: பிளாஸ்டர், சுற்றிலும் நீல வீக்கம். சீன் 30, நாள் 10: காய்ந்த பொருக்கு, மஞ்சளாக மங்கிய தோல். முதலில் எடுப்பது சீன் 30 என்றால், மூன்று நிலைகளையும் மேக்கப்காரரோடு அதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

அதிகம் சறுக்குவது இடது வலதில். 'நடிகரின் இடது புருவத்துக்கு மேல், 2 செ.மீ.' என்றே எழுதுங்கள். வெறும் 'இடது' என்றால் கேமராவின் இடதா என்று குழம்பும். செல்ஃபியோ சில போன்களில் படத்தையே இடம் வலமாகத் திருப்பிவிடும். ஷாட் முடிந்ததும் முன்புறம், இரு பக்கம், கிட்டத்தில் காயம் எனப் படம் எடுங்கள். ஆரம்பத்தில் எடுத்தது போதாது. நடிக்கும்போதே முடி கலையும், பட்டன் அவிழும். கறைச் சட்டையைத் துவைக்காமல் சீன் எண் எழுதிய சீட்டைக் கட்டி வையுங்கள்.

'எடுத்த ஃபுட்டேஜைப் போட்டுப் பார்த்தால் போதுமே' என்பார்கள். இன்னும் எடுக்காத சீனில் காயம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது அதில் இருக்காது.