பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கு ஒரு மெயில்: சப்ஜெக்ட் வரியில் என்ன எழுதுவது?

அய்யா, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்தேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த மகள் ஓசூர், சூளகிரி பக்கத்துக் கம்பெனிகளுக்கு மெயில் போட்டபடியே இருக்கிறார், ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை, மார்க் பத்தவில்லையா, இல்லை யாராவது பெரிய ஆளைப் பிடிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ரெசூமேயையும் படித்தேன். அதில் சொல்லிக்கொள்ளும்படி குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த ரெசூமே திறக்கப்பட்டதா என்பதே எனக்குச் சந்தேகம். அனுப்பிய மெயில்களின் சப்ஜெக்ட் வரிகள் இப்படி இருக்கின்றன:

```
(no subject)
Resume
Fwd: Fwd: resume final
RESPECTED SIR URGENT JOB REQUEST PLEASE
```

இதை வாங்குகிற ஆளின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஓசூரில் நடுத்தர அளவில் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி என்றால், அதன் ஹெச்.ஆர். பிரிவில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். ஆள் எடுப்பது மட்டும் அவர்கள் வேலை இல்லை. வருகைப் பதிவு, கான்ட்ராக்ட் ஆட்கள், கேன்டீன், கம்பெனி பஸ் எல்லாம் அவர்கள் தலையில்தான். வேலை விளம்பரம் வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்ற ஆரம்பித்ததும் மெயில் வந்து குவியும். அதில் பாதிக்கு மேல் `Resume` என்றுதான் இருக்கும். எந்த வேலைக்கு, என்ன படித்தவர் என்று தெரியாத மெயிலைத் திறந்து, பி.டி.எஃப்.பை இறக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் இருக்காது. அது வெளியிலேயே தெரிகிற மெயில்களை முதலில் பார்ப்பார், மற்றவை கீழே போய்விடும்.

நிறையப் பேர் சப்ஜெக்ட் வரி என்பது மெயிலைத் திறக்க வைப்பதற்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அதற்கப்புறமும் அந்த வரிக்கு வேலை இருக்கிறது. ஹெச்.ஆர். அந்த மெயிலைத் தரப்பிரிவு மேலாளருக்கு ஃபார்வர்ட் செய்யும்போது, அதே வரிதான் அவர் போனிலும் தெரியும். அப்புறம் பத்து நாள் கழித்து இன்டர்வியூவுக்கு ஆள் கூப்பிட உட்காரும்போது, மெயில் பெட்டியின் தேடும் கட்டத்தில் வேலையின் குறியீட்டையோ "டிப்ளமோ மெக்" என்பதையோ தட்டுவார்கள். அந்த வார்த்தை எங்கே இருக்கிறதோ அந்த மெயில்தான் மேலே வரும். அதனால் சப்ஜெக்டை எழுதும்போது "இவர் பிறகு என்ன வார்த்தை போட்டுத் தேடுவார்?" என்று கேட்டுக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மகள் கடைசியாக அனுப்பிய விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். வேலை, தரப்பிரிவில் டிப்ளமோ இன்ஜினியர் டிரெய்னி. குறியீடு `DET/QA/07`. 2024, 2025ல் முடித்தவர்கள் மட்டும். குறியீட்டை சப்ஜெக்டில் போடவும் என்று விளம்பரத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் கற்றுக்கொடுத்த கடித வடிவத்தை அப்படியே வைத்துப் பிள்ளைகள் வழக்கமாக எழுதுவது இது:

```
Application for the post of Diploma Engineer Trainee in Quality Department
```

தப்பு என்று சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் போனில் சப்ஜெக்ட் வரி ஏறக்குறைய நாற்பது எழுத்து வரைதான் தெரியும். போனுக்குப் போன் கொஞ்சம் கூடும், குறையும். எண்ணிப் பார்த்தால் நாற்பதாவது எழுத்தில் அந்த வரி இப்படி வெட்டுப்படுகிறது:

```
Application for the post of Diploma Engi
```

"தரப்பிரிவு" என்பது போய்விட்டது, "டிரெய்னி" போய்விட்டது, குறியீடு முதலிலிருந்தே இல்லை. எந்த வருஷம் முடித்தார் என்பதும் இல்லை. வெறும் முன்னுரைக்கே இருபத்தெட்டு எழுத்து செலவாகிவிட்டது. ரெசூமே இணைத்து வேலை மெயிலுக்கு அனுப்பினால் அது விண்ணப்பம்தான் என்று அவருக்குத் தெரியாதா? அந்த முன்னுரையை வெட்டிவிட்டு, தேடப்படும் சொற்களை முன்னால் கொண்டுவருவோம்:

```
DET/QA/07 - Diploma Mech 2025 - Quality - NAME
```

NAME என்ற இடத்தில் மகளின் பெயர், இனிஷியலோடு. இதில் பெயருக்கு முன்னால் உள்ள முக்கியமான மூன்றும் நாற்பது எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன. குறியீட்டின் முதல் பகுதியான `DET` என்பதில் கடைசி எழுத்தே டிரெய்னியைக் குறிப்பதால் அந்தச் சொல்லைத் தனியாக எழுதவில்லை. வெட்டுப்பட்டால் பெயர்தான் வெட்டுப்படும். பெயர் எப்படியும் அனுப்புநர் இடத்தில் தெரியும் என்பதால் அதனால் நட்டமில்லை.

குறியீட்டை விளம்பரத்தில் இருப்பது போலவே, சாய்கோடு, சுழியம் எதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். `DET QA 7` என்று மாற்றி எழுதினால் மனிதர் புரிந்துகொள்வார், மெயில் பெட்டிக்குப் புரியாது. பல கம்பெனிகள் அவுட்லுக்கிலோ ஜிமெயிலிலோ, சப்ஜெக்டில் இன்ன சொல் இருந்தால் இன்ன ஃபோல்டருக்குப் போ என்று விதி போட்டு வைத்திருப்பார்கள். குறியீட்டைப் போடச் சொல்வதற்குக் காரணமே பெரும்பாலும் அதுதான். குறியீடு மாறினால் மெயில் அந்த ஃபோல்டருக்குப் போகாமல் பொதுப் பெட்டியிலேயே கிடக்கும். காப்பி செய்து ஒட்டுவது நல்லது. விளம்பரத்தில் சப்ஜெக்ட் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முழு வடிவமே கொடுத்திருந்தால், நான் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு அதை அப்படியே எழுதட்டும்.

வருஷத்தை ஏன் போடச் சொல்கிறேன் என்றால், டிரெய்னி வேலையில் முதல் சல்லடையே அதுதான். 2025 என்று கண்ணில் பட்டதும் தகுதி இருக்கிறது என்று தெரிந்துவிடும். மதிப்பெண் சதவீதம் விளம்பரத்தில் கேட்டிருந்தால் ஒழிய சப்ஜெக்டில் வேண்டாம், ரெசூமேயில் இருக்கட்டும். அப்ரென்டிஸ் வேலைக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும் அந்தச் சொல்லைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அப்ரென்டிஸ் என்பது உதவித்தொகையோடு குறிப்பிட்ட காலம் பெறும் பயிற்சி. அதற்கான பட்டியலையும் பதிவையும் கம்பெனிகள் டிரெய்னிகளோடு கலக்காமல் தனியாக வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மெயில் போட்டால் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போக வாய்ப்பு உண்டு.

இப்போது அனுப்புநர் பெயர். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தால், மகள் உங்கள் போனிலிருந்து, உங்கள் ஜிமெயில் கணக்கில்தான் அனுப்பியிருக்கிறார். அப்படியானால் கம்பெனியில் அனுப்புநர் பெயராக உங்கள் பெயர்தான் தெரியும். உள்ளே ரெசூமே வேறொரு பெயரில் இருக்கும். அவருக்கென்று தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள், இனிஷியலோடு சான்றிதழில் உள்ள பெயரில். ஏற்கெனவே அவருக்கு ஒரு கணக்கு இருந்து, அதில் செல்லப் பெயர் போட்டிருந்தால், கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் `Accounts and Import` என்ற பகுதிக்குப் போய், `Send mail as` என்பதற்கு எதிரே இருக்கும் `edit info` வழியாக மாற்றலாம். போனில் உள்ள ஆப்பில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பக்கத்துக் கணினி சென்டரில் ஐந்து நிமிஷ வேலை.

ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த நாலாவது வரியைப் பற்றி ஒரு வார்த்தை. அது உங்கள் யோசனை என்று எழுதியிருந்தீர்கள். வீட்டு நிலையைச் சொன்னால் மனம் இரங்குவார்கள் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் பெரிய எழுத்தில் அவசரம், தயவுசெய்து என்று வரும் மெயிலில் வேலையின் பெயர் இல்லை, படிப்பு இல்லை, தேடினால் கிடைக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. பார்ப்பவருக்கு விளம்பர மெயில் போலவும் தோன்றும். இதே போல, ஏற்கெனவே பேசியது போலக் காட்ட முன்னால் `Re:` சேர்த்து அனுப்பச் சொல்லும் ஆலோசனையும் யூடியூபில் சுற்றுகிறது. என்னைக் கேட்டால், அதை விடவே விடுங்கள். திறந்து பார்த்து ஏமாந்தவர் அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வார், நல்லவிதமாக அல்ல.

தமிழில் எழுதினால் என்ன என்று மகள் கேட்டாராம். மெயில் தமிழில் நன்றாகவே போய்ச் சேரும். ஆனால் ஓசூர் ஹெச்.ஆர். பிரிவுகளில் கன்னடமோ இந்தியோ பேசுகிறவர்களும் இருப்பார்கள், தேடுவதும் ஆங்கிலத்தில்தான். அதனால் சப்ஜெக்ட் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்தக் கம்பெனியில் இருக்கிறார், அவர் சொல்லித்தான் இந்த வேலையே தெரியும் என்றீர்கள். அவரிடம் கேட்டு, சரி என்றால் மட்டும் அவர் பெயரைச் சேர்க்கலாம்:

```
DET/QA/07 - Diploma Mech 2025 - Ref: NAME, Maintenance
```

இங்கே வரும் பெயர் சிபாரிசு செய்பவருடையது, பக்கத்தில் அவர் பிரிவு. ஹெச்.ஆர். அவரைக் கூப்பிட்டு "இந்தப் பிள்ளையைத் தெரியுமா" என்று கேட்கும்போது, அவர் முழிக்கக் கூடாது. கேட்காமல் போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல்.

ஜிமெயிலில் சப்ஜெக்டுக்குப் பக்கத்திலோ கீழேயோ மெயிலின் முதல் வரியும் மங்கலாகத் தெரியும். அதையும் வணக்க வாசகத்துக்கே விட்டுவிடாமல், வணக்கம் சொன்ன கையோடு தரப்பிரிவு சம்பந்தமான ஒரு விஷயத்தைச் சொல்லட்டும். மகள் இன்பிளான்ட் பயிற்சியில் வெர்னியர், மைக்ரோமீட்டர் வைத்து அளவு எடுத்ததாக ரெசூமேயின் இரண்டாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார். அது முதல் வரிக்கு வர வேண்டியது. ரெசூமே ஃபைலின் பெயரையும் `resume final` என்று விடாமல், பெயரும் படிப்பும் தெரிகிற மாதிரி மாற்றுங்கள். பி.டி.எஃப்.பைத் தனியாக இறக்கி வைத்துவிட்டால் சப்ஜெக்ட் வரி கூட வராது, ஃபைல் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

அனுப்புவதற்கு முன் ஒரு தடவை உங்கள் மெயிலுக்கே அனுப்பி, உங்கள் போனில் பார்க்கச் சொல்லுங்கள். திறக்காமலேயே எந்த வேலை, என்ன படிப்பு என்று உங்களால் சொல்ல முடிந்தால் சரி.

பதில் வந்தால் அந்த மெயிலுக்கே ரிப்ளை செய்யட்டும், சப்ஜெக்டில் கை வைக்க வேண்டாம். ஜிமெயிலில் சப்ஜெக்டை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். இன்டர்வியூ தேதியைச் சொன்னவர், யார் இவர் என்று மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே `Resume` என்று அனுப்பிய கம்பெனிகளுக்கு மறுபடி அனுப்பலாமா என்றால், கடைசித் தேதி தாண்டாதவற்றுக்கு மட்டும் ஒரே ஒரு முறை அனுப்பலாம். பழைய மெயிலை ஃபார்வர்ட் செய்யாமல் புதிதாகத் தொடங்கி, கம்பெனிக்கு ஒன்றாக, புதிய சப்ஜெக்டோடு. முந்தைய மெயிலைப் பற்றி விளக்கமோ மன்னிப்போ தேவையில்லை. அந்தத் தரப்பிரிவு வேலைக்கு வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று விளம்பரத்தில் இருக்கிறது, அதை முதலில் அனுப்பச் சொல்லுங்கள்.