ஐபிஎஸ்: டெஸ்ட்டில் வராத நோய் கண்டறியப்படும் விதம்

கேள்வி: ஸ்கேன், கொலோனோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். ஆனாலும் டாக்டர் எனக்கு ஐபிஎஸ் என்ற குடல் எரிச்சல் நோய் என்கிறார். எந்த டெஸ்ட்டிலும் வராத நோயை அவர் எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?

நான் மருத்துவன் அல்லன். இந்த நோயோடு பல ஆண்டுகளாக வாழ்பவன். எதுவும் கிடைக்காததால் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லி உங்களை அனுப்பிவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும். அப்படி நினைக்கத் தேவையில்லை. ஐபிஎஸ்ஸுக்கு என்று வரையறுக்கப்பட்ட அறிகுறிகள் இருக்கின்றன. அவை பொருந்தினால்தான் அந்தப் பெயரைச் சொல்ல முடியும். குடல் நோய் வல்லுநர்கள் கூடி வகுத்து, அவ்வப்போது திருத்திவரும் இந்த வரையறைக்கு ரோம் அளவுகோல் என்று பெயர். அதன் நான்காம் பதிப்பு 2016இல் வந்தது.

பரிசோதனையில் ஏன் வருவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொலோனோஸ்கோபி குடலின் உட்சுவரைப் பார்க்கிறது. புண், கட்டி, அழற்சி இருந்தால் காட்டுகிறது. ஐபிஎஸ்ஸில் சுவர் நன்றாகவே இருக்கும். குடல் அசையும் வேகத்திலும், அந்த அசைவை நரம்புகள் மூளைக்குத் தெரிவிக்கும் விதத்திலும்தான் கோளாறு. மலக்குடலுக்குள் சிறிய பலூனை வைத்துக் காற்றால் விரித்துப் பார்த்த ஆய்வுகளில், மற்றவர்களுக்கு வலிக்காத அளவிலேயே ஐபிஎஸ் நோயாளிகள் பலருக்கு வலித்திருக்கிறது. பலருக்குத்தானே தவிர எல்லோருக்கும் அல்ல; ஆகவே அதையே நோயை உறுதிசெய்யும் டெஸ்ட்டாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். சாப்பிட்டு முடித்த சிறிது நேரத்தில் அடிவயிற்றைப் பிசையும். மோஷன் போனால் அடங்கும். அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் இது மீண்டும் மீண்டும் நடக்கும். முதலில் நான் பார்த்த இடத்தில் ஒவ்வொரு முறையும் வயிற்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஸ்கேன் கல்லீரலையும் பித்தப்பையையும் நன்றாகக் காட்டும். குடல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கடைசியில் "ஒன்றுமில்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பிவைத்தார்கள். வலியால் துடிப்பவனிடம் ஒன்றுமில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது, அதைக் கேட்டு வீடு திரும்பியவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு நான் பார்த்த குடல் மருத்துவர் ரிப்போர்ட் கட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்விகள் கேட்டார். "வலி வாரத்துல எத்தனை நாள் வருது? மோஷன் போனா குறையுதா, கூடுதா? வலி வர்ற நாள்ல எத்தனை தடவை போறீங்க? அன்னிக்கு மலம் எப்படி இருக்கு?" அப்போது எனக்கு இவை சம்பிரதாயக் கேள்விகளாகத்தான் பட்டன. உண்மையில் ரோம் அளவுகோலையே அவர் வரிவரியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அளவுகோல் இதுதான். கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி வந்திருக்க வேண்டும். அந்த வலி, மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருப்பது, மலம் கழிக்கும் எண்ணிக்கை மாறுவதோடு சேர்ந்து வருவது, மலத்தின் தன்மை மாறுவதோடு சேர்ந்து வருவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். தொந்தரவு தொடங்கிக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். வலியே இல்லாமல் வெறும் பேதி மட்டும் தொடர்ந்தால் அது ஐபிஎஸ் ஆகாது. அதே அளவுகோலில் அதற்கு வேறு பெயர் உண்டு. முந்தைய பதிப்பில் "வலி அல்லது அசௌகரியம்" என்று இருந்தது. அசௌகரியம் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டதால் 2016இல் அதை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து, மேசை மீதிருந்த பிரிஸ்டல் அட்டையைக் காட்டினார். அதில் மலத்தின் ஏழு வகைகள் படமாக இருக்கும். ஆட்டுப் புழுக்கை போல் தனித்தனியாக இறுகியது முதல் வகை. முழுக்கத் தண்ணீராகப் போவது ஏழாவது. பேதியை நிறுத்தும் மாத்திரையோ மலமிளக்கியோ எடுக்காமல், ஒவ்வொரு முறையும் எந்த வகை என்று குறித்துவரச் சொன்னார். அந்தக் குறிப்பேட்டை வைத்துத்தான் ஐபிஎஸ்ஸின் உட்பிரிவை முடிவு செய்கிறார்கள். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய வகைகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ண வேண்டும். உதாரணமாக, அப்படிப்பட்டவை இருபது என்றும், அவற்றில் பதினேழு முறை ஆறாம் அல்லது ஏழாம் வகை, மூன்று முறை முதலாம் அல்லது இரண்டாம் வகை என்றும் வைத்துக்கொள்வோம். தளர்ந்தது கால் பங்குக்கு மேல், இறுகியது கால் பங்குக்குக் கீழ். ஆகவே பேதி மிகுந்த ஐபிஎஸ். இரண்டுமே கால் பங்கைத் தாண்டினால் கலப்பு வகை. மருந்து இந்தப் பிரிவைப் பொறுத்தே மாறும் என்பதால் நினைவை நம்பிச் சொல்லாமல் எழுதிக் காட்டுவது நல்லது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் டெஸ்ட்டே வேண்டாம் என்கிறாயா, புற்றுநோயைத் தவறவிட்டால் யார் பொறுப்பு" என்று கேட்க வருவோர் இருப்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ரோம் அளவுகோலும் அப்படிச் சொல்லவில்லை. என் மருத்துவர் எச்சரிக்கை அறிகுறிகளைத் தனியாகக் கேட்டார்: மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ உள்ளவர்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அறிகுறிகளை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். எனக்கு எதுவும் இல்லை என்றான பிறகும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, கோதுமையால் வரும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, மலத்தில் கால்புரோடெக்டின் ஆகியவற்றைப் பார்த்தார். கால்புரோடெக்டின் வெள்ளை அணுக்களிலிருந்து வரும் புரதம். குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் அதன் அளவு உயரும். மேல்வயிற்றில் எரிச்சலும், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவதுமாக வரும் செயல்பாட்டு அஜீரணம் என்ற வேறொரு நோய்க்கோ, எண்டோஸ்கோபியில் வேறு கோளாறு இல்லை என்பதையும் ரோம் அளவுகோலே நிபந்தனையாக வைக்கிறது.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. வாரம் ஒரு நாள், ஆறு மாதம் என்ற எல்லைகள் முக்கியமாக ஆய்வுகளில் ஒரே மாதிரி நோயாளிகளைச் சேர்ப்பதற்கு உதவுபவை. மாதம் இரண்டு முறையே வலி வந்தாலும் அது வாழ்க்கையைக் கெடுக்கிறது என்றால், வேறு நோய் இல்லை என்ற தெளிவு இருக்கும்போது, நடைமுறையில் மருத்துவர்கள் அந்த எல்லைகளைத் தளர்த்துகிறார்கள். பேதி மிகுந்த ஐபிஎஸ் போலவே நடிக்கும் சில கோளாறுகளும் இருக்கின்றன. பால் சர்க்கரை செரிக்காமை ஒன்று. பித்தநீர் அமிலம் சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குள் இறங்குவது இன்னொன்று. நுண்ணோக்கிக் குடல் அழற்சி என்ற நோயில் கொலோனோஸ்கோபி பார்வைக்கு நார்மலாகவே இருக்கும். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். அது நடுவயதைக் கடந்த பெண்களிடம் அதிகம்.

ஆகவே உங்கள் மருத்துவரிடம், உங்களுக்கு இருப்பது எந்த உட்பிரிவு என்று கேளுங்கள். சீலியாக், கால்புரோடெக்டின் இரண்டும் பார்க்கப்பட்டனவா என்று ரிப்போர்ட்டில் தேடுங்கள். பேதி வகையாக இருந்து, உங்கள் வயது ஐம்பதை ஒட்டியிருந்தால், கொலோனோஸ்கோபியின்போது சதைத் துணுக்கு எடுத்தார்களா என்பதையும் விசாரியுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, மேலே சொன்ன எச்சரிக்கை அறிகுறி எதுவும் புதிதாக வராதவரை, மீண்டும் ஒரு ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.