பில்லில் வெள்ளைத் திட்டு விழுந்த இடத்தில் என்ன எண் இருந்தது?

"பெங்களூரில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன், நான் இருப்பது சேலத்தில். மாதாமாதம் குடியிருப்பவர் கரண்ட் பில்லை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். வெளிச்சம் அடித்து பாதி தெரிவதில்லை, மடிப்பில் எண் உடைந்திருக்கிறது. போன மாதம் ஸ்கேன் செயலி 7346 என்று சொன்னது, நான் கட்டப் போனால் 1346. கட்ட வேண்டிய தொகையையும் கடைசித் தேதியையும் மட்டும் தவறில்லாமல் எடுக்க வழி உண்டா?"

உண்டு. ஆனால் வந்த படத்தைத் திருத்துவதில் இல்லை, அடுத்த படத்தை எப்படி எடுக்கச் சொல்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

வெள்ளைத் திட்டு விழுந்த இடத்தில் கேமராவுக்குக் கிடைத்தது வெறும் வெள்ளை. அடியில் இருந்த எண் மங்கலாகப் பதியவில்லை, பதியவே இல்லை. அதனால் பிரகாசத்தைக் குறைத்தாலும் கூட்டினாலும் அங்கிருந்து ஒன்றும் வராது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் செயலிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பல, இல்லாத இடத்தை அக்கம்பக்கத்து எழுத்துகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகின்றன. முகத்தைத் தெளிவாக்க அது போதும். பில்லில் 3 இருந்த இடத்தில் அழகான 8 வந்து உட்கார்ந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மங்கலான எண்ணைப் பார்த்தால் சந்தேகமாவது வரும், தெளிவான தப்பு எண்ணைப் பார்த்தால் அதுகூட வராது.

சில கடைகளிலும் இதே செயலியை வைத்துக்கொண்டு, "படத்தை அனுப்புங்கள், நாங்களே பார்த்துக் கட்டிவிடுகிறோம்" என்று ஐம்பது, நூறு வாங்குகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நான்கு மாதம் இப்படிக் கட்டினார். தப்பாகப் படித்துக் கூடுதலாகக் கட்டியது அடுத்த பில்லில் வரவாக நின்றது, அவர் அதைக் கவனிக்கவில்லை. கடைக்காரர் கவனித்தார். அடுத்த மாதம் வரவைக் கழித்து மீதியை மட்டும் கட்டிவிட்டு, இவரிடம் முழுத் தொகையை வாங்கிக்கொண்டார். பில் படத்தை இடையில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சரி, குடியிருப்பவரிடம் என்ன சொல்வது? பில் வந்த அன்றே எடுக்கச் சொல்லுங்கள். அந்த நீளச் சீட்டு வெப்பத்தால் எழுத்து விழும் தாள். நாளாக ஆக மங்கும். மடிப்பை நீக்குகிறேன் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தால் முழுவதும் கறுத்துவிடும், செய்தவர்கள் இருக்கிறார்கள். மேசை விளிம்பில் வைத்து மடிப்புக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல இழுத்தால் போதும்.

பிளாஷ் வேண்டாம். ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாத மேசையில் சீட்டை வைக்கட்டும். வெளிச்சம் மடிப்பின் நீளவாக்கிலேயே ஓட வேண்டும். மடிப்புக்குக் குறுக்கே வெளிச்சம் வந்தால் ஒரு பக்கம் நிழல் கோடாக விழும், அந்தக் கோடு 1-இன் தலையில் விழுந்தால் 7 ஆகிவிடும். உங்கள் 7346 பெரும்பாலும் இப்படித்தான் பிறந்திருக்கும். புள்ளியின் மேல் விழுந்தால் இன்னும் மோசம், 1346.00 என்பது 134600 ஆகும்.

அப்புறம், ஒரு படம் போதாது, மூன்று வேண்டும். நேராக ஒன்று, போனை இடப்பக்கம் சாய்த்து ஒன்று, வலப்பக்கம் சாய்த்து ஒன்று. போன் நகர்ந்தால் வெள்ளைத் திட்டும் நகரும், எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு படத்தில் மறைந்த எண் இன்னொன்றில் வெளியே வந்துவிடும். முழுச் சீட்டையும் ஒரே படத்தில் அடக்க வேண்டாம், தேதி இருக்கும் பகுதியைத் தனியாக, தொகை இருக்கும் பகுதியைத் தனியாகக் கிட்டத்தில் எடுக்கட்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் எண் தெரியவில்லை என்றால், பில்லே விடை சொல்லும். பில் தொகை, பழைய பாக்கி, வரவு, அரசு மானியம் எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்கும். முதல் இரண்டைக் கூட்டி மற்ற இரண்டைக் கழித்தால் கட்ட வேண்டிய தொகை வர வேண்டும். உதாரணமாக, பில் தொகை 1312, பாக்கி 34, வரவும் மானியமும் இல்லை. கடைசி வரியில் முதல் எண் மடிப்பில் போய் '?346' என்று தெரிகிறது. 1312-ஐயும் 34-ஐயும் கூட்டினால் 1346. 7346-க்கு இடமே இல்லை.

தேதிக்கும் இதே மாதிரி ஒரு பிடி உண்டு. '?8/07' என்று தெரிகிறது, 08-ஆ, 18-ஆ, 28-ஆ? போன மாதச் சீட்டை எடுங்கள். பில் தேதி 04/06, கடைசித் தேதி 18/06 என்றால் இடைவெளி 14 நாள். இந்த மாதம் பில் தேதி 04/07, ஆகவே 18/07. பில் தேதியும் தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள்.

கடைசியாக, கட்டும் செயலியில் பெங்களூரின் மின் நிறுவனமான பெஸ்காமைத் தேர்ந்து கணக்கு எண்ணைப் போட்டால் தொகை தானாக வந்து நிற்கும். அதைப் படத்தோடு ஒப்பிடுங்கள், ஒத்துப்போனால் கட்டுங்கள். "இன்றிரவு கரண்ட் கட்" என்று குறுஞ்செய்தியில் வரும் இணைப்பில் போய்ப் பார்க்காதீர்கள், அது வேறு வியாபாரம்.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஸ்கேன் செயலிகள் தவறாமல் விழும் குழி அது. கர்நாடகத்தில் 2023 முதல் வீடுகளுக்கு இலவச மின்சாரம் தரும் கிருஹ ஜோதி திட்டம் இருக்கிறது, வாடகைக்கு இருப்பவரும் பதிவு செய்யலாம். உங்கள் வீட்டில் இருப்பவர் பதிந்திருந்தால் பில் தொகை என்று பெரிய எண் ஒன்று மேலே இருக்கும், கீழே மானியம் கழிந்து கட்ட வேண்டியது 0 என்று நிற்கும். செயலி பெரிய எண்ணைத்தான் பிடிக்கும். வெளிச்சம் அடித்த படத்தில் அந்தப் பூஜ்யம் மறைந்தால் மனிதனும் பெரிய எண்ணைத்தான் பிடிப்பான். ஆனால் பூஜ்யம் நிரந்தரமில்லை. அந்த வீட்டில் 2022-23 ஆண்டில் செலவான யூனிட்டின் மாதச் சராசரியும் அதற்கு மேல் கொஞ்சமும் சேர்த்து ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்குக் கட்ட வேண்டும், 200 யூனிட்டைத் தாண்டினால் முழுப் பில்லையும் கட்ட வேண்டும். அதனால் சந்தேகமான படத்தில் தொகைக்கு முன்னால் யூனிட்டைப் பாருங்கள். யூனிட் 230 என்று தெளிவாக இருந்து, தொகை இருக்கும் இடத்தில் பூஜ்யம் மாதிரி ஏதோ தெரிந்தால், வரவு ஏதும் இல்லாவிட்டால் அது பூஜ்யமாக இருக்க வாய்ப்பில்லை, ஏதோ ஓர் எண்ணின் கடைசிப் பூஜ்யம். மறுபடி படம் கேளுங்கள்.

சீட்டு ஒரு முழம் நீளம். அதில் எல்லாம் ஒரே பொடி எழுத்து. மக்கள் தேடுவது இரண்டே விஷயம், அந்த இரண்டையும் கட்டைவிரல் அகலத்தில் அச்சிட யாருக்கும் தோன்றவில்லை.