காலாவதியான பாலிசியும் புதிய ஆரோக்கிய அறிக்கையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆயுள் காப்பீட்டுக் கிளையொன்றில் பாலிசி சேவைப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை: தவணை தவறிப்போன பாலிசியைத் திரும்ப உயிர்ப்பிப்பது.

அரையாண்டுத் தவணை கட்ட வேண்டிய தேதி தாண்டி நாற்பது நாள் ஆகிவிட்டது. ஆன்லைனில் பணம் கட்டினால் போதுமா?
(வாசகி, கும்பகோணம்)

அரையாண்டு, ஆண்டு, காலாண்டுத் தவணைகளுக்குச் சலுகைக் காலம் 30 நாள். மாதத் தவணைக்கு 15 நாள்தான். அதற்குள் கட்டியிருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. அந்த நாட்களுக்குள் உயிரிழப்பு நேர்ந்தாலும், பாக்கித் தவணையைக் கழித்துக்கொண்டு முழுத்தொகை கொடுப்பார்கள். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். இனி நீங்கள் செய்வதற்குப் பெயர் தவணை கட்டுவதல்ல, புதுப்பித்தல். கிளைக்குப் போய் 'ரிவைவல் கொட்டேஷன்' கேளுங்கள். எவ்வளவு பாக்கி, எவ்வளவு வட்டி, உங்கள் உடல்நிலையைப் பற்றி நீங்களே எழுதித் தரும் ஆரோக்கிய அறிக்கை வேண்டுமா, மருத்துவப் பரிசோதனை வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். காலதாமதம் குறைவாக இருக்கும்போது சில நேரம் அறிக்கை கேட்காமலே விடுவதுண்டு. அதை நீங்களே முடிவுசெய்துவிடாதீர்கள்.

2018 செப்டம்பரில் 5 லட்சம் ரூபாய்க்கு, 20 வருட பாலிசி எடுத்தேன். அரையாண்டுக்கு 12,000 ரூபாய். 2024 மார்ச் வரை ஒழுங்காகக் கட்டினேன். பிறகு வியாபாரம் படுத்துவிட்டதால் மூன்று தவணை நின்றுபோயிற்று. 2025 அக்டோபரில் புதுப்பிக்கக் கேட்டபோது ஆரோக்கிய அறிக்கைக்கான 680-ஆம் எண் படிவம் கொடுத்தார்கள். இடையில் ஜனவரியில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து மாத்திரை சாப்பிடுகிறேன். ஏஜென்ட், "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுக் கையெழுத்துப் போடுங்கள் சார், பழைய பாலிசிதானே" என்கிறார். என்ன செய்ய?
(வாசகர், ஈரோடு)

"பழைய பாலிசிதானே" என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று வருடம் கடந்த ஆயுள் பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது என்கிறது. உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு 2021-லேயே வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று வருடத்தை எதிலிருந்து எண்ணுவது? பாலிசி வழங்கிய தேதி, பொறுப்பு தொடங்கிய தேதி, ரைடர் என்னும் கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்த தேதி, புதுப்பித்த தேதி, இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து. ஆகவே 2025-ல் புதுப்பித்தால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். 2018-ல் நீங்கள் கொடுத்த பதில்களைக்கூட அவர்கள் மறுபடி புரட்டிப் பார்க்கலாம்.

இனி படிவத்துக்கு வருவோம். பாலிசிக்கு விண்ணப்பித்த பிறகு ஒரு வாரத்துக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்ட நோய் வந்ததா, அறுவை சிகிச்சையோ விபத்தோ நேர்ந்ததா, இ.சி.ஜி., எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்று அதில் தனித்தனியாகக் கேட்டிருக்கும். சர்க்கரைக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் "இல்லை" எழுத முடியாது.

எழுதாமல் மறைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று தவணைக்கு 36,000 ரூபாய். வட்டி 9.5 சதவீதம், அரையாண்டுக் கூட்டுவட்டி என்று வைத்தால், முதல் தவணைக்குச் சுமார் 1,170, இரண்டாவதற்கு 570. மூன்றாவது இன்னும் சலுகைக் காலத்தில் இருந்தால் வட்டியே இல்லை. மொத்தம் 38,000 ரூபாய்க்குள் முடிகிறது. பணம் உங்களுக்குப் பெரிய பிரச்சினையில்லை. இரண்டு வருடம் கழித்து உங்களுக்கு ஏதாவது ஆகி, மருத்துவமனைக் குறிப்பில் "2025 ஜனவரி முதல் சர்க்கரை" என்று இருந்தால், நிறுவனம் புதுப்பித்தலையே ரத்து செய்யும். அப்போது உங்கள் மனைவி கையில் கிடைப்பது, நீங்கள் கட்டிய 12 தவணைக்கு உரிய பெய்ட்-அப் தொகை மட்டும்: 40-ல் 12 பங்கு, அதாவது 1,50,000 ரூபாயும் அதுவரை சேர்ந்த போனஸும். ஐந்து லட்சம் என்று நம்பியிருந்த வீட்டுக்கு அது எப்படி இருக்கும் என்பதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்படி வந்த ஒரு அம்மாவின் விஷயத்தில் கையெழுத்து கணவருடையது, எழுத்து ஏஜென்டுடையது. அந்த அம்மாவுக்குப் படிவத்தில் என்ன இருந்தது என்றே தெரியாது.

உண்மையை எழுதினால்? சர்க்கரை நோய்க்கான தனிக் கேள்வித்தாள், உங்கள் மருத்துவரின் குறிப்பு, ஹெச்பிஏ1சி முதலிய பரிசோதனைகள் கேட்பார்கள். செலவு உங்களுடையது. கட்டுப்பாட்டில் இருந்தால் பழைய நிபந்தனையிலேயே ஏற்கலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்தாலும் அந்தப் பெய்ட்-அப் தொகை எங்கும் போகாது. பொய் எழுதி, அது வெளிப்பட்டால் கிடைப்பதும் ஏறக்குறைய அதே தொகைதான். அதற்குள் வருடக்கணக்கில் பிரீமியம் வேறு கட்டியிருப்பீர்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். படிவத்தை உங்கள் கையால் நிரப்புங்கள், நோய் தெரிந்த மாதத்தையும் மாத்திரையின் பெயரையும் எழுதுங்கள், கொடுக்கும் முன் போனில் படமெடுத்து மனைவிக்கு அனுப்புங்கள்.

அப்பாவின் பாலிசிக்குப் பாக்கியை எல்லாம் கட்டி, படிவமும் கொடுத்துவிட்டோம். ரசீது இருக்கிறது. இன்றிலிருந்தே பாதுகாப்பு உண்டுதானே?
(வாசகர், திருநெல்வேலி)

இல்லை. அந்த ரசீதை நன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் அது 'டெபாசிட்' என்றே இருக்கும். நிறுவனம் பரிசீலித்து, ஏற்றுக்கொண்டதாக உங்களுக்குத் தெரிவித்த பிறகே புதுப்பித்தல் அமலுக்கு வரும். இடைப்பட்ட நாட்களில் அந்தப் பணம் வெறும் வைப்பு. மறுத்தால் திரும்பிவிடும்.

உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்த்த ஒரு வழக்கு இதற்குப் பக்கத்தில் வரும். 2011 அக்டோபர் தவணை கட்டப்படவில்லை. 2012 மார்ச்சில் பாலிசிதாரருக்கு விபத்து நேர்ந்தது; மூன்று நாள் கழித்துப் பாக்கியைக் கட்டினார்கள்; அதே மாதம் அவர் இறந்தார். எல்.ஐ.சி. அடிப்படைத் தொகை 3.75 லட்சத்தைக் கொடுத்தது, விபத்துக்கான கூடுதல் 3.75 லட்சத்தை மறுத்தது. விபத்து நடந்த அன்று பாலிசி நடைமுறையில் இல்லை என்பதால் மறுத்தது சரியே என்று நீதிமன்றம் சொன்னது.

அதனால் வாரம் ஒரு முறை கிளையில் கேளுங்கள். ஏதாவது காகிதம் குறைகிறது என்றால் அது மேசையிலேயே கிடக்கும். பல நேரம் யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. ஒப்புதல் வருவதற்குள் அப்பாவுக்குப் புதிதாக ஏதாவது உடல்நலக் குறை தெரிந்தால், அதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சிறப்பு முகாமில் மெடிக்கல் இல்லாமல் புதுப்பித்துத் தருவார்கள் என்கிறார்களே?
(வாசகி, மதுரை)

முகாம்களில் கிடைக்கும் தள்ளுபடி தாமதக் கட்டணத்தில்தான். மருத்துவத் தேவைகளில் சலுகை கிடையாது. முகாம் வரட்டும் என்று காத்திருப்பதற்கும் எல்லை இருக்கிறது: இப்போதைய விதிகளின்படி சாதாரண பாலிசிகளுக்கு, முதல் கட்டாத தவணையிலிருந்து ஐந்து வருடம்; சந்தை முதலீட்டோடு இணைந்த யூலிப் என்றால் மூன்று வருடம். இந்த விதிகளுக்கு முந்தைய பாலிசிகளில் இது மாறும் என்பதால் பத்திரத்தின் நிபந்தனைப் பக்கத்தைப் பாருங்கள். சில ஆயிரம் தள்ளுபடிக்காகக் காத்திருந்த மாதங்களில் ஒரு புதிய நோய் கண்டுபிடிக்கப்பட்டால், அதையும் அந்தப் படிவத்தில் எழுத வேண்டியிருக்கும்.